திங்கள், புதன், வெள்ளி: பத்தரை முதல் மூன்று வரை

நிஷாத் பேகத்துக்கு இரண்டு காலங்களில் வாழத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, அவள் பார்த்த வேலை அப்படி. திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்து மாடியில் பதினொரு பேர் உட்கார்ந்து பழைய பத்திரப் பதிவேடுகளைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். எல்லாம் நாற்பதுகளின் பதிவேடுகள். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்ததால் பாதிக்குப் பாதி தெலுங்கு. அதுவும் பேனாவைத் தூக்காமல் கொடி ஓடியது போல எழுதிய தெலுங்கு. அந்த மாடியில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நிஷாத் ஒருத்திதான்.

கனகம்மாசத்திரத்து முஸ்லிம் பெண்ணுக்கு அந்த எழுத்து எப்படி வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவளுடைய அப்பா நகரியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்தாவது வரை அங்கே தெலுங்குப் பள்ளியில்தான் படித்தாள். அப்பா போன பிறகு அம்மா குல்ஜார் பேகம் மகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, சந்தை சந்தையாக வளையல் விற்று ஆளாக்கினாள். ஸ்கூலில் படித்தது சோறு போடும் என்று யாருக்குத் தெரியும்? போட்டது.

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் நிஷாத் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். பொதட்டூர்பேட்டையில் ஒருவர் தறிக்குழியோடு வீட்டை எழுதிக் கொடுப்பார். எல்லை சொல்லும்போது கிழக்கே ஒரு புளியமரம் என்று எழுதியிருக்கும். அந்த மரத்தின் நிழலில் அவள் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் படி இறங்கும்போது எதிரே வரும் ஆட்டோவைப் பார்த்து ஒரு கணம் திகைப்பாள். அவள் மட்டுமில்லை, அந்த மாடியில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. வருகைப் பதிவேட்டில் தேதி போடச் சொன்னால் கை தன்பாட்டில் 1945 என்று போட்டுவிடும். லீவு சீட்டிலும் அப்படித்தான். மேற்பார்வையாளர் தணிகாசலம் சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு தினமும் எண்பது வருஷத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து நிஷாத்துக்குக் குழந்தை தங்கியது. மார்ச் பதினேழாம் தேதி பேறுகால விடுப்பு தொடங்கியது. ஏப்ரல் பாதியில் பெண் பிறந்தாள். ஹுசைனா என்று பெயர் வைத்தார்கள். இருபத்தாறு வாரச் சம்பளத்தோடு விடுப்பு. செப்டம்பர் பதினைந்து, திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்ப வேண்டும். மார்ச்சில் பார்த்தபோது இருபத்தாறு வாரம் ஒரு யுகம் போல இருந்தது. ஆகஸ்டில் பார்த்தால் கையளவுதான் மிச்சம்.

ஹுசைனா புட்டிப்பாலைத் தொட மாட்டாள். ரப்பர் வாயில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அடுத்து அழுவாள். அதற்கடுத்து வீடே அழும். பால் பவுடர் மூன்று வகை வாங்கிப் பார்த்தார்கள், நிப்பிள் நான்கு வகை. ஐந்து மாதம்கூட நிறையாத அந்தச் சின்ன உருவத்துக்கு அத்தனை பிடிவாதம். இரண்டரை மணிக்கு ஒருமுறை அம்மாதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். ஒன்பதரைக்குத் திருத்தணியில் இருக்க எட்டரைக்கே பஸ் ஏற வேண்டும். ஆறுக்கு இறங்கினால் வீடு சேர ஏழு. பத்தரை மணி நேரம். இந்தக் கணக்கை அவள் எத்தனை தடவை போட்டாலும் குழந்தை பசியோடுதான் நின்றது.

வேலையை விட்டுவிடு என்று சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கணவன் ஷபியுல்லா அதைச் சொல்லவில்லை. அரக்கோணத்தில் காதர் பாயின் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். பேச்சு குறைவு. 'நீ அந்த புக்கெல்லாம் படிக்கிறப்ப உன் மூஞ்சி வேற மாதிரி இருக்குது' என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தான். நிஷாத் அதை மறக்கவே இல்லை. குழந்தையைப் பசியோடு விட முடியாது. அந்தப் பழைய எழுத்தையும் விட முடியாது. இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது பேராசை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் கடைசி வாரத்து மத்தியானம் ஒன்று. வெளியே திருப்பதி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மின்விசிறிக்குக் கீழே குழந்தை பால் குடித்துக்கொண்டே கண் சொருகியது, குடிக்கக் கொடுத்தவளுக்கும் சொருகியது. பால் இறங்கும்போது ஒரு மயக்கம் வருமே, பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த மயக்கத்தில் அவளுக்கு ஒரு பக்கம் கண்முன் வந்து நின்றது. விடுப்புக்கு முந்தின வாரம் படித்த பக்கம். பொதட்டூர்பேட்டை நெசவாளர் வீட்டு மணியம்மை ஒரு பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுத்திருக்கிறாள். அதன் கீழே பதிவதிகாரி எழுதியிருந்தார்: மேற்படியாள் பிரசவித்துப் பதினோரு நாளே ஆனபடியால் ஆபீசுக்கு வர இயலாமையைத் தெரிவித்து விண்ணப்பித்ததின்பேரில், அவளுடைய வீட்டுக்கே நான் சென்று, இடது பெருவிரல் ரேகை வாங்கிப் பதிவு செய்தேன். தக்க காரணம் இருந்தால் அதிகாரி வீட்டுக்கு வரலாம் என்று சட்டத்திலேயே இடம் உண்டு. அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு.

நிஷாத் பாதித் தூக்கத்தில் அந்த வீட்டுக்குள் போனாள். தறிச் சத்தம் நிற்கிறது. வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து நுழைகிறார், பின்னால் பெரிய நோட்டைச் சுமந்துகொண்டு சேவகன். கயிற்றுக் கட்டிலில் மணியம்மை எழுந்து உட்காரப் பார்க்கிறாள். வேண்டாம், படுத்துக்கொள் என்கிறார் அவர். அவள் விரலை மையில் அழுத்துகிறார்கள். அவளுடைய இடுப்போரம் குழந்தை உறங்குகிறது. அவள் வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்பட வேண்டும்? வர முடியவில்லை என்றாள், வந்தார்கள். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது நிஷாத்துக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மணியம்மை கேட்டிருக்கிறாள். கேட்காமல் யாரும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். கட்டைவிரல் ஒன்றாலேயே, ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில், மின்னஞ்சலை எழுதினாள். மெட்ராஸ் தலைமை அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்கு, நகல் தணிகாசலத்துக்கு. சும்மா தயவு காட்டுங்கள் என்று எழுதினால் சும்மா ஒரு பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நாள் நாளாக, மணி மணியாக யோசித்திருந்தாள். பதின்மூன்று வாரம் மட்டும் குறைந்த நேரம் வேலை பார்க்க அனுமதி வேண்டும். திங்கள், புதன், வெள்ளி; காலை பத்தரை முதல் மதியம் மூன்று வரை. செவ்வாய், வியாழன், சனி அம்மாவுக்குச் சந்தை, குழந்தையைப் பார்க்க ஆளில்லை. திங்களும் புதனும் அம்மா வீட்டில் இருப்பாள். வெள்ளி காதர் பாயின் ஒர்க்ஷாப் விடுமுறை, கணவர் இருப்பார். அவர் ஜும்மாவுக்குப் போய்வரும் ஒரு மணி நேரம் அம்மா பார்த்துக்கொள்வாள். நடுவில் அரை மணி நேரம் பால் எடுத்து வைக்க, ஸ்கேனர் பெட்டிகள் இருக்கும் தாழ்ப்பாள் போட்ட அறை போதும். பதிவேட்டுப் படங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ஒப்பந்தம், ஆகவே வீட்டிலிருந்து வேலை கேட்கவில்லை. வருகிற நேரத்தில் தெலுங்குப் பக்கங்கள் மட்டும் செய்கிறேன். தமிழும் ஆங்கிலமும் பக்கத்து மேசை ஜம்புலிங்கத்திடம் போகட்டும். சம்பளம் வேலை பார்த்த நேரத்துக்குத் தந்தால் போதும். டிசம்பர் பதினைந்து முதல் பழையபடி முழு நேரம்.

இவ்வளவையும் அழகாக எழுதிவிட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று முதல் வரியில் போட்டாள். போட்டது கட்டைவிரல். ஆளோ இன்னும் மணியம்மை வீட்டு வாசலைத் தாண்டவில்லை. 15.09.1945 முதல் 12.12.1945 வரை. இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இரண்டு முறையும் சரியாகவே பட்டது. அனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை பதில் வந்தது. மெட்ராசில் இப்படி வருகிற கோரிக்கைகளின் தேதிகளை ஓர் உதவியாளர் மென்பொருளில் ஏற்றுவார். அவர் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஏற்றினார், பாவம், யோசிக்க அவருக்குச் சம்பளம் கிடையாது. கடந்துபோன தேதியைப் பார்த்த மென்பொருள் தானாகவே ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டது. 'உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், குறிப்பிட்ட காலம் செல்லாது என்று ஒரு வரி. அந்த வரி வரைக்கும் நிஷாத்தின் கண் போகவே இல்லை. நிராகரிக்கப்பட்டது என்பதைப் படித்தவளுக்கு மிச்சம் எதற்கு?

அன்று அவள் அழவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டினாள், சாம்பிராணி போட்டாள், குழம்பில் உப்புப் போட மறந்தாள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது. தனக்கென்று ஒரு மேசையும், மேசை மேல் ஒரு பக்கமும், அந்தப் பக்கத்தில் ஒரு புளியமரமும் இருந்தது என்பதே யாரோ சொன்ன கதை போலிருந்தது. கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். மணியம்மையின் காலத்து ஆபீசர் வேறு, இந்தக் காலத்து ஆபீஸ் வேறு. அம்மாவிடம் சொன்னபோது குல்ஜார் பேகம் வளையல்களை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டே, இல்லையென்றால் இல்லை, நான் சந்தையை விடுகிறேன் என்றாள். அந்த வளையல்தான் அம்மாவை நிமிர்ந்து நடக்க வைத்தது என்று மகளுக்குத் தெரியாதா? அதெல்லாம் வேண்டாம் என்று கோபமாகவே சொல்லிவிட்டு, போனை எடுத்து ராஜினாமாவை எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை நான்கே வரி. மூன்றாவது வரியில் குழந்தை விழித்துக்கொண்டது. பால் கொடுக்க உட்கார்ந்தவள் போனைக் கீழே வைத்தாள்.

ராஜினாமா அனுப்பப்படாமல் கிடந்த அந்த இருபது நிமிடத்தில்தான் தணிகாசலத்தின் அழைப்பு வந்தது. இரண்டு நாள் திருப்பதியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், வந்து மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார்.

"இன்னாமா நிஷாத்து, லீவு முடிஞ்சா இன்னும் நாலு நாள் சேத்து எடுத்துக்கினு வாயேன், நான் இன்னா வேணான்னா சொல்லப்போறேன். ஆனா 1945-ல போயி குறைஞ்ச டைம் கேட்டா மெட்ராஸ்காரங்க எப்டிமா குடுப்பாங்க? நான் பொறக்கவே இல்லியே அப்ப."

நிஷாத்துக்குப் புரியவில்லை. தேதியைப் பாரும்மா என்றார். பார்த்தாள். அவளுடைய சொந்தக் கட்டைவிரல் போட்ட தேதி அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குலுங்கி, என்ன இது என்பது போல நிமிர்ந்து பார்த்தது. சிவப்புப் பேனாவோடு தான் ஆபீசில் இல்லாத இரண்டு நாளில் இவ்வளவு ஆகிவிட்டதே என்று தணிகாசலம் வருத்தப்பட்டார். அடுத்து குரலைத் தாழ்த்தி, தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். டிசம்பருக்குள் தெலுங்குப் புத்தகம் முப்பத்தெட்டு முடிக்க வேண்டும். அவள் இல்லாத இந்த ஆறு மாதத்தில் ஒன்றுகூட நகரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் அவள் வந்தால் முடியுமா முடியாதா என்று அவருக்குத் தெரியாது. வராவிட்டால் முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அதையே தன் பெயரில் எழுதி, திருத்திய மின்னஞ்சலோடு மேலே அனுப்பினார். தணிகாசலம் அதிகம் எழுதுகிறவர் இல்லை. அவர் எழுதியது மூன்று வரி.

மறுநாள் மத்தியானம் மெட்ராசிலிருந்து தேவகி மேடம் பேசினார். பணியாளர் பிரிவுத் தலைவி. நிஷாத் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஒருமுறை பார்த்தது. கண்டிப்பானவர் என்று பெயர். மென்பொருள் அனுப்பியதற்கு முதலில் வருத்தம் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தரை ஏன்? எட்டு மணிக்கு ஒருமுறை, கிளம்புமுன் ஒன்பதரைக்கு ஒருமுறை பால் கொடுத்தால் குழந்தை ஒரு தூக்கம் போடுவாள், அதனால். மூன்று ஏன்? மூன்று மணிக்குப் புறப்பட்டால் மூன்றே முக்காலுக்கு வீடு. நடுவில் குழந்தை எப்படி? எடுத்து வைத்த பாலைச் சங்கில் ஊற்றிப் பார்க்கிறோம், இரண்டு வாய் குடிக்கிறாள், பிறகு துப்புகிறாள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பழகிவிடுவாள் என்று நினைக்கிறேன் என்றாள் நிஷாத். நினைக்கிறேன் என்னும்போது குரல் இறங்கியது.

தேவகி மேடம் சட்டென்று முடிவு சொல்லவில்லை. இப்படிக் குறைந்த நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, கம்பெனியாகப் பார்த்துச் செய்வது என்று நேராகச் சொன்னார். ஆறாவது வாரம் தணிகாசலத்தோடு உட்கார்ந்து ஒருமுறை பார்க்கலாம், வேலை நகர்ந்திருந்தால் மிச்ச ஏழு வாரமும் தொடரும் என்றார். சம்பளம் நேரத்துக்கு ஏற்ப. இவையெல்லாம் எழுத்தில் வரும். ஆனால் பால் எடுக்க அரை மணி நேரம் கேட்டிருந்தாளே, அதை மட்டும் கோரிக்கையிலிருந்து அடிக்கச் சொன்னார்.

"அது நீங்க கேக்க வேண்டிய விஷயமே இல்லைம்மா. குழந்தைக்குப் பதினைஞ்சு மாசம் ஆகிற வரைக்கும் தினம் ரெண்டு இடைவேளை சட்டத்திலேயே இருக்கு. உங்களோடதை எங்ககிட்ட ஏன் கேக்கறீங்க?"

நிஷாத் நன்றி சொன்னாள். போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தாள். தேவகி மேடம் மறுபடியும் பேசியபோது அது ஆபீஸ் குரலாக இல்லை.

"என் பையனுக்கு இப்ப பத்தொன்பது வயசு. எழுபதாம் நாள் வேலைக்குப் போயிட்டேன். பாத்ரூம்ல நின்னு பாலைப் பீச்சிக் கொட்டுவேன். இந்த மாதிரி நாள் எழுதி, மணி எழுதி நான் கேக்கவே இல்லைம்மா. கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை."

சரிங்க மேடம் என்றாள் நிஷாத். அந்தப் பாலை நினைத்து அவளுக்கு அன்று முழுவதும் வருத்தமாக இருந்தது.

செப்டம்பர் பதினைந்து வந்தது. ஒன்பதரைக்குப் பால் கொடுத்து, உறங்கின குழந்தையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள். பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டாள். மலைக் கோயில் தெரியும் திருப்பத்தில் பஸ் நின்றபோது வெயிலில் எல்லாம் மிதந்தது. மாடியேறினாள். மேசை அங்கேயேதான் இருந்தது. தெலுங்குப் பக்கத்தைத் திறந்ததும் முதல் வரி மங்கலாகத் தெரிந்து, மெல்ல மெல்ல எழுத்தாகி, எழுத்து ஆளாகி, ஆள் பேச ஆரம்பித்தார். ஆறு மாதமாக அவளுக்குள் மூடிக் கிடந்த ஒன்று திறந்துகொண்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறோமே என்று ஒரு நிமிடம் குற்றமாகவும் இருந்தது.

மூன்று மணிக்கு எழுந்தாள். மற்ற பத்துப் பேரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்க, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகும் அந்தப் பதினைந்து அடி நீளமாக இருந்தது. ஜம்புலிங்கம் தலையைத் தூக்காமல், வாட்ச்சைப் பார்த்து, மூணு அஞ்சு ஆயிடுச்சு போம்மா என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போது அழுகைச் சத்தம் கேட்கும் என்றே காதைத் தீட்டி வந்தாள். கேட்கவில்லை. ஹுசைனா கை இரண்டையும் தலைக்கு மேல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த சங்கு. ஒன்றரை மணிக்கு முழுச் சங்கும் குடித்தாள், துப்பவே இல்லை என்று குல்ஜார் பேகம் பெருமையாகச் சொன்னாள். இதற்காகத்தான் மூன்று வாரமாக அல்லாவிடம் கேட்டாள் நிஷாத். இப்போது கேட்டது கிடைத்ததும் சங்கை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். நான் இல்லாமலும் குடித்துவிட்டாளா? மார்பு கட்டிக்கொண்டு வலித்தது, ரவிக்கை நனைந்தது. எழுப்பவா என்றாள்.

"எழுப்பாத பேட்டி. பசிச்சா அவளே கூப்புடுவா." மகளைப் பேட்டி என்றுதான் உருதுவில் கூப்பிடுவாள் அம்மா.

முகம் கழுவிக்கொண்டு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலேகால் வரை உட்கார்ந்திருந்தாள். ஹுசைனா கண்ணைத் திறந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போல அவளை ஒரு பார்வை பார்த்தது. அந்த ஒரு பார்வைக்குள் நிஷாத் செத்துப் பிழைத்தாள். பிறகு குழந்தைக்கு வாசனை தெரிந்தது. வாயைத் திறந்து, தலையை ஆட்டி ஆட்டித் தேடியது. அள்ளி எடுத்துக்கொண்டாள்.

குழந்தை அவசரமில்லாமல் குடித்தது. அவளுக்கும் அவசரமில்லை. நாளை செவ்வாய்க்கிழமை, அம்மா சந்தைக்குப் போய்விடுவாள், இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் வீட்டில்.